கொழுந்துத் தராசின் பதிவுகள் சேராதபோது: அறிகுறி வாரியாகப் பார்க்கும் வழி

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மடுவங்களில் இருக்கும் மின்னணுத் தராசுகளுள் பல, நிறுத்த எடையைத் தம்முள் இருக்கும் சிறிய நினைவகச் சிப்பில் எழுதிக்கொள்கின்றன. மாலையில் அலுவலகக் கணினியில் அதை இறக்கி, செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். இறக்கும்போது "செக்சம் பிழை" என்று திரையில் வந்தால், பெரும்பாலும் நடப்பது இரண்டில் ஒன்று: அந்தப் பதிவைத் தள்ளிவிட்டு மேலே போவார்கள், அல்லது தராசே கெட்டுவிட்டது என்று லொறியில் ஏற்றி அனுப்புவார்கள். இரண்டும் அவசரம். பிழை எந்த வடிவில் வருகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

நான் அடிக்கடி பழுது பார்க்கும் வகைத் தராசில் ஒரு பதிவுக்கு 8 பைட். தொழிலாளி எண்ணுக்கு 2, அன்றைய மொத்த எடைக்கு 2 (100 கிராம் ஓர் அலகு), மணிக்கு 1, நிமிடத்துக்கு 1, எத்தனை தடவை நிறுத்தது என்பதற்கு 1. எட்டாவது பைட்தான் செக்சம்: முன்னுள்ள ஏழையும் கூட்டி, 256ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்வது. 143ஆம் எண்ணுக்குரியவர் 18.4 கிலோ எடுத்து, மாலை 4.35க்கு மூன்றாம் தடவையாக நிறுத்தால், பதினாறடிமான எண்களில் பதிவு இப்படி இருக்கும்:

```
00 8F 00 B8 10 23 03 7D
```

143, 184, 16, 35, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 381. அதில் 256 போக மீதி 125, அதுவே 7D. உங்கள் தராசில் பைட்டுகளின் வரிசை வேறாக இருக்கலாம். கீழே சொல்லும் சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

எதையும் தொடுவதற்கு முன் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி, அதன் பிரதி ஒன்றைத் தனியே வைத்துவிடுங்கள். தராசில் "அழி" என்ற பொத்தான் இருந்தால் அதன் பக்கம் யாரும் போகக் கூடாது. பிழை வந்ததும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம் என்று சொல்லும் ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்.

அறிகுறி 1: ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் வெவ்வேறு பதிவுகள் பிழை காட்டுகின்றன

மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும். மூன்று தடவை இறக்கி, கோப்புகளை ஒப்பிடுங்கள். விண்டோஸில்:

```
fc /b a.bin b.bin
```

கோப்புகள் ஒன்றுக்கொன்று மாறினால் சேமித்த தரவு கெடவில்லை; அது வந்து சேரும் வழியில்தான் கோளாறு. முதலில் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள். பிறகு மின்கலத்தை முழுதாக ஏற்றிவிட்டு மறுபடி இறக்குங்கள். அதிலும் மாறினால் ஈரம்தான் காரணமாக இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து மடுவங்களில் சுவரே வியர்க்கும். தராசுக்குள் மட்டும் ஈரம் போகாது என்று நினைப்பதற்கில்லை. ஓர் இரவு உலர்ந்த அறையில், சாதாரண மின்குமிழ் ஒன்றின் வெப்பம் படும் தூரத்தில் வைத்துவிட்டுக் காலையில் இறக்கிப் பாருங்கள். அடுப்படியில் வைக்க வேண்டாம்.

உலர்ந்த பின்னும் மாறினால், அல்லது இணைப்பு முனைகளில் பச்சைப் பூ பூத்திருந்தால், மின்பலகையைத் திறந்து துடைக்க வேண்டும். அது பழுது பார்ப்பவரின் வேலை. தராசின் உறையில் நிறுவைத் துறையின் முத்திரை இருந்தால் அதை நீங்கள் உடைக்கவும் கூடாது. மூன்று கோப்பும் ஒன்றாக இருந்தால் மட்டும் அடுத்த அறிகுறிகளுக்குப் போங்கள்.

அறிகுறி 2: ஒரு பதிவுகூடச் சேரவில்லை

எல்லாமே பிழை என்றால் தரவு நன்றாக இருக்கிறது என்றே நான் முதலில் எடுத்துக்கொள்வேன். ஒரு சிப் கெட்டால் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. தராசு ஒரு முறையில் கூட்டுகிறது, கணினி வேறு முறையில் கூட்டுகிறது. மென்பொருளைப் புதுப்பித்த பிறகோ, தராசை மாற்றிய பிறகோ இது வரும்.

பத்துப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் கூட்டி எடுத்த மீதியையும் பதிவில் உள்ள செக்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். விரிதாளில் ஏழு பைட்டையும் தசம எண்களாக இட்டால் `=MOD(SUM(A1:G1),256)` போதும்.

இரண்டையும் கூட்டினால் எப்போதும் 256 வந்தால், தராசு மீதியை அப்படியே எழுதாமல், மொத்தத்தைப் பூச்சியமாக்கும் எண்ணை எழுதுகிறது. மேலே காட்டிய பதிவில் அப்போது 7Dக்குப் பதில் 83 இருக்கும். எப்போதும் 255 வந்தால் பிட்டுகளைத் தலைகீழாக்கி எழுதுகிறது. அங்கே 82 இருக்கும்.

கூட்டினால் ஒழுங்கு எதுவும் வராவிட்டால், பதிவில் உள்ள செக்சத்திலிருந்து உங்கள் மீதியைக் கழித்துப் பாருங்கள்; விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் 256ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். வேறுபாடு எல்லாப் பதிவிலும் ஒரே எண்ணாக, உதாரணமாக 170ஆக வந்தால், ஒரு பக்கம் சேர்க்கும் நிலையான பைட் ஒன்றை மறுபக்கம் விட்டுவிடுகிறது. பதிவின் தொடக்கக் குறியாக AA எழுதும் தராசுகளில் இது நடக்கும்; AA என்பது 170தான். வேறுபாடு 0, 1, 2, 3 என்று சிறு எண்களாகவே இருந்தால், தராசு 256க்குப் பதில் 255ஆல் வகுக்கிறது. கூட்டுத்தொகை எத்தனை 256களைத் தாண்டியதோ ஏறக்குறைய அத்தனையே வேறுபாடாக வரும்.

இந்த நான்கிலும் அடங்காவிட்டால் தராசு செய்தவரிடம் பதிவின் அமைப்பைக் கேட்பதுதான் வழி. நாள் முழுவதும் ஊகித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அறிகுறி 3: ஓரிடம் வரை சரி, அதன்பின் எல்லாமே பிழை

கோப்பின் அளவைப் பாருங்கள். பதிவுக்கு 8 பைட் என்றால் அளவு 8ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்.

மீதி வந்து, அளவு இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தால், முதல் பிழைப் பதிவில் 0D 0A என்ற சோடி இருக்கிறதா என்று தேடுங்கள். கோப்பை எழுத்துக் கோப்பாகக் கருதி இறக்கிய மென்பொருள், 0A என்ற பைட்டைக் காணும் இடமெல்லாம் அது வரி முடிவு என்று நினைத்து முன்னால் ஒரு 0Dயைச் செருகிவிடும். 0A என்பது 10. ஆகவே 4.10க்கு நிறுத்தவரும், தொழிலாளி எண் 10 உள்ளவரும் நிறுவையில் வந்ததும் கோப்பு ஒரு பைட் நகர்ந்துவிடும். அங்கிருந்து எல்லாப் பதிவும் தவறான இடத்தில் வெட்டப்பட்டுப் பிழை காட்டும். எட்டு 0A கடந்த பின் நகர்வும் எட்டாகி, பதிவுகள் மறுபடி சேரத் தொடங்கும். சில கோப்புகளில் நடுவில் மட்டும் ஒரு பெரிய பள்ளம் தெரிவது இதனால்தான். அளவு 8ஆல் வகுபடுகிறது என்பதை மட்டும் நம்பி இந்தக் காரணத்தைத் தள்ளிவிடவும் முடியாது.

தராசில் பதிவுகள் இன்னும் இருந்தால் இருமக் கோப்பாக மறுபடி இறக்கினால் போதும். அழிந்துவிட்டது என்றால் பிரதியிலிருந்தே மீட்கலாம்:

```python
d = open("a.bin", "rb").read()
open("b.bin", "wb").write(d.replace(b"\r\n", b"\n"))
```

அளவு குறைவாக இருந்தால், வரும் வழியில் பைட் ஒன்று தவறிவிட்டது. இறக்கும் வேகத்தைக் குறைத்து மீண்டும் இறக்குங்கள். செலவு எதுவும் இல்லை.

அறிகுறி 4: நாளின் கடைசிப் பதிவு மட்டும் பிழை

மின்சாரம் எழுதும் நடுவில் போயிருக்கிறது. இவ்வகைச் சிப்புகள் எழுதி முடிக்கச் சில மில்லி விநாடி எடுக்கும். அதற்குள் மின்னழுத்தம் விழுந்தால் பதிவின் முன்பாதி புதியது, பின்பாதி பழையது. பதிவின் வால் FF FF FF என்று முடிந்தால் அங்கே எதுவும் எழுதப்படவே இல்லை என்று பொருள். நினைவகத்தைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் தராசில் FFக்குப் பதில் முந்தைய சுற்றில் எழுதிய யாரோ ஒருவரின் நிமிடமும் செக்சமும் அங்கே கிடக்கும். அதை இந்தத் தொழிலாளியின் கணக்கு என்று படித்துவிடக் கூடாது.

எடை திரையில் வந்ததுமே தராசை அணைக்கும் பழக்கம் யாருக்காவது இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்தது மின்கலத்தின் வயது. ஏப்ரலிலும், ஐப்பசி மாத இடியிலும் பிற்பகல் மின்வெட்டு வருவது இங்கே வழமை; அப்போது பழைய மின்கலம் ஒரு நொடிகூடத் தாங்காது. புதிய மின்கலம் போட்டும் இது தொடர்ந்தால் மின்வழங்கிப் பகுதியில் உள்ள மின்தேக்கி களைத்திருக்கும். அதை மாற்றப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 5: நன்றாக இருக்கும் நூற்றுக்கணக்கான பதிவுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் பிழை

இதில்தான் நிதானம் வேண்டும். பதிவைத் தள்ளிவிடாதீர்கள். அது ஒருவரின் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி.

முன்பு காட்டிய அதே பதிவு இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```python
rec = bytes.fromhex("00 8F 00 98 10 23 03 7D")
s = sum(rec[:-1]) % 256
print(s, rec[-1], (rec[-1] - s) % 256)
```

விடை `93 125 32`. கூட்டினால் 93, பதிவில் இருப்பது 125, வேறுபாடு 32. இந்த மூன்றாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது 1, 2, 4, 8, 16, 32, 64, 128 ஆகிய எட்டில் ஒன்றாக இருந்தால், அனேகமாக ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. 32 வந்தால், முதல் ஏழு பைட்டில் ஏதோ ஒன்றில் 32க்குரிய பிட் 1ஆக இருந்து 0ஆகிவிட்டது, அல்லது செக்சத்தில் அது 0ஆக இருந்து 1ஆகிவிட்டது. புரண்ட திசை இதற்கு நேர்மாறாக இருந்தால் வேறுபாடு 224 வந்திருக்கும், அதாவது 256இல் 32 குறைவு. 128இல் மட்டும் எந்தப் பக்கம் புரண்டது என்று வேறுபாட்டைக்கொண்டு சொல்ல முடியாது.

எந்த பைட் என்பதைச் செக்சம் சொல்லாது. கூட்டல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு பைட்டிலும் 32ஐத் திருப்பிச் சேர்த்துப் பார்த்து, நடக்க முடியாதவற்றைத் தள்ளலாம். மணியில் சேர்த்தால் 48 மணி, இல்லை. நிறுவை எண்ணிக்கையில் சேர்த்தால் 35 தடவை, இல்லை. நிமிடம் 35இல் அந்த பிட் இன்னும் 1ஆகவே இருக்கிறது, ஆகவே அங்கே இழப்பில்லை. எடையின் மேல் பைட்டில் சேர்த்தால் எண்ணூறு கிலோவைத் தாண்டும். தொழிலாளி எண்ணின் மேல் பைட்டில் சேர்த்தால் எண் எட்டாயிரத்துக்கு மேல் போகும். எந்தத் தோட்டத்திலும் அப்படி ஓர் எண் இல்லை.

மிஞ்சுவது மூன்று. எடையின் கீழ் பைட்: 152 அல்ல, 184. தொழிலாளி எண்ணின் கீழ் பைட்: 143 அல்ல, 175. அல்லது தரவு முழுதும் சரி, செக்சம் பைட்டில்தான் பிட் புரண்டது. மூன்றாவதை மறப்பவர்கள் அதிகம். காவற்காரனும் அதே சிப்பில்தான் குடியிருக்கிறான்.

இனிக் கணினியை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வாருங்கள். அன்று 175க்குத் தனியாக வேறு பதிவு இருந்தால் இரண்டாவது சாத்தியம் போயிற்று. கணக்கப்பிள்ளையின் கையேட்டிலோ, தொழிலாளியிடம் கொடுத்த துண்டிலோ 143க்கு 18.4 என்று இருந்தால் முதலாவது உறுதி, 15.2 என்று இருந்தால் மூன்றாவது. நாளுக்கு 18 கிலோ என்று அளவு வைத்திருக்கும் தோட்டத்தில், இந்த ஒரு பிட் முழுப் பேரை அரைப் பேராக்கிவிடும். காகிதத்தில் எதுவும் இல்லாவிட்டால் நீங்களாக ஒன்றைத் தெரிவு செய்து ஏற்றாதீர்கள். மூன்று சாத்தியங்களையும் எழுதி, முடிவெடுக்க வேண்டியவரிடம் கொடுங்கள்.

வேறுபாடு அந்த எட்டு எண்களிலோ அவற்றை 256இலிருந்து கழித்தால் வருபவற்றிலோ அடங்காவிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட பிட் கெட்டிருக்கிறது. அந்தப் பதிவை மீட்க முயல்வது வீண்.

காரணத்துக்கு வருவோம். எப்போதோ ஒன்று என்றால் பக்கத்தில் விழுந்த மின்னலோ மின்னழுத்தத் துள்ளலோ காரணமாகலாம். குறித்து வைத்துக்கொண்டு விட்டுவிடலாம். பிழை வரும் பதிவின் இடத்தையும் சேர்த்துக் குறியுங்கள். அடுத்தடுத்த மாதங்களில் நினைவகத்தின் அதே இடத்தில் அதே பிட் கெட்டால், அந்தச் சிற்றறை தேய்ந்துவிட்டது. இச்சிப்புகளுக்கு எழுதும் தடவைகளில் வரம்பு உண்டு. பதிவு எண்ணிக்கையை எப்போதும் ஒரே இடத்தில் திருப்பித் திருப்பி எழுதும் தராசில் அந்த இடம்தான் முதலில் போகும். சிப்பை மாற்ற வேண்டும். சிப்பின் விலை அற்பம், கூலிதான் செலவு.

அறிகுறி 6: செக்சம் சரி, ஆனால் எடை தவறு என்று தொழிலாளி சொல்கிறார்

"கணினி சரி என்கிறது" என்று பதில் சொல்லி அனுப்புவது அநியாயம். செக்சம் எழுதிய பின் எதுவும் மாறவில்லை என்பதற்குத்தான் சாட்சி. எழுதியது உண்மை என்பதற்கு அல்ல. சாக்கின் எடையை இரண்டு தடவை கழித்துவிட்டு எழுதினாலும் செக்சம் கச்சிதமாகச் சேரும். ஆகவே முதலில் தராசில் தெரிந்த எடையைப் படிகல் வைத்துச் சோதியுங்கள், சாக்குக் கழிவு எவ்வளவு என்று பாருங்கள்.

அது சரி என்றால், கூட்டல் செக்சம் கண்டுபிடிக்க முடியாத இடங்களுக்கு வாருங்கள். எட்டு பைட்டும் 00 என்றால் பூச்சியங்களின் கூட்டுத்தொகை பூச்சியம். வெற்றுப் பதிவு "சரி" என்று தேறிவிடும். இரண்டு பைட் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது: மேலுள்ள பதிவில் 8Fஉம் B8உம் இடம் மாறினால் 184ஆம் எண்ணுக்குரியவர் 14.3 கிலோ எடுத்ததாகிவிடும், செக்சம் அதே 7D. ஒரு பைட்டில் 32 கூடி இன்னொன்றில் 32 குறைந்தாலும் அப்படியே. கண்டபடி கிடக்கும் குப்பைகூட 256இல் ஒரு தடவை தற்செயலாகத் தேறும். ஒரு பதிவு முழுவதுமாகக் காணாமல் போனாலோ இரண்டு தடவை வந்தாலோ, பதிவுக்குள் இருக்கும் செக்சத்துக்கு அது தெரியவே தெரியாது.

இவற்றைத் தேட, அன்றைய பதிவுகளை நேர வரிசையில் பார்த்து, தொழிலாளி எண் அன்று வேலைக்கு வந்தவர்களின் பட்டியலில் இருக்கிறதா, ஒரே எண் இரண்டு தடவை வருகிறதா, மடுவத்தில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஒவ்வாத நேர இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே பிடிபடும்.

இது ஒரு தடவைக்கு மேல் நடந்தால் தராசு செய்தவரிடம் செக்சத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டாவது கூட்டல் ஒன்றைச் சேர்த்தாலே இடமாற்றம் பிடிபடும். பிளெட்சர் முறை என்று பெயர்:

```python
a, b = 1, 0
for x in rec[:7]:
    a = (a + x) % 255
    b = (b + a) % 255
```

நம் சரியான பதிவுக்கு a 127, b 192. 8Fஐயும் B8ஐயும் இடம் மாற்றினால் a அதே 127; b மட்டும் 19ஆகிறது. aயை 1இல் தொடங்குவதால் வெற்றுப் பதிவும் தேறாது. 255ஆல் வகுப்பதால் 00க்கும் FFக்கும் வித்தியாசம் தெரியாது என்ற குறை இதில் உண்டு. அதுவும் கூடாது என்றால் சிஆர்சி என்னும் வேறு வகைச் சோதனை எண்ணைக் கேளுங்கள்.

கேட்கும்போது ஒன்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும். செக்சத்துக்கு இன்னொரு பைட் வேண்டியிருப்பதால் பதிவை 9 பைட்டாக்கிக் கொடுத்துவிடுவார்கள். பல சிப்புகள் 32 பைட் கொண்ட பக்கங்களாக எழுதுகின்றன. ஒரே மூச்சில் எழுதும்போது பக்கத்தின் முடிவைத் தாண்டினால், மிச்சம் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் அதே பக்கத்தின் தொடக்கத்தில் போய் விழும். 9 பைட் பதிவில் நாலாவது பதிவு 27ஆம் பைட்டில் தொடங்கி, 5 பைட் எழுதி, மீதி 4 பைட்டை முதல் பதிவின் தலையில் எழுதிவிடும். ஒரு மாற்றத்தில் இரண்டு பதிவு நாசம். 16 பைட்டாக்கச் சொல்லுங்கள். 32இல் அது இரண்டு தடவை சரியாக அடங்கும், மீந்த இடத்தில் தொடர் எண்ணையும் வைத்தால் காணாமல் போன பதிவு உடனே தெரியும். ஆனால் 4096 பைட் சிப்பில் 512 பதிவு அடங்கிய இடத்தில் இனி 256தான் அடங்கும். கொழுந்து கூடும் மாதங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறக்கிய அலுவலகங்கள் அன்றன்றே இறக்க வேண்டிவரும். அதை மடுவத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.